கருவூலத்திலிருந்து பணம் வெளிவரும் வழி

அரசுப் பணத்தைச் செலவிட ஒப்புதல் தருபவர் ஒருவர். அந்த ஒப்புதலை வைத்துப் பட்டியல் தயாரித்துப் பணம் கோருபவர் இன்னொருவர். பட்டியலைச் சரிபார்த்துப் பணத்தை விடுவிப்பது கருவூலம். கணக்கைத் தொகுப்பது மாநில அரசின் கீழ் இல்லாத வேறோர் அலுவலகம். இந்த நான்கு வேலைகளும் ஒரே கையில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் கருவூல முறையின் அடிப்படை. பட்டியல் தயாரித்துப் பணம் கோரும் அலுவலருக்குப் பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்று பெயர். மாவட்ட அலுவலகங்களின் தலைவர்கள் முதல் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் வரை பலர் இந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கருவூலமும், அதன்கீழ் வட்ட அளவில் சார் கருவூலங்களும் இயங்குகின்றன. சென்னையில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு இதே பணியைச் சம்பளக் கணக்கு அலுவலகங்கள் செய்கின்றன. இவை அனைத்தும் கருவூலங்கள் மற்றும் கணக்குத் துறையைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் பல கருவூலங்களில் இரும்பு அறையிலிருந்தே ரொக்கம் வழங்கப்பட்டது. இப்போது மாநில அரசின் வங்கியாளர் ரிசர்வ் வங்கி. கருவூலம் அனுப்புவது பணம் செலுத்தும் உத்தரவு மட்டுமே.

இந்த வழி எப்படிச் செல்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்க்கலாம். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 60 இரும்பு மேசை-பெஞ்சுகள் வாங்க வேண்டும். ஒன்றின் விலை 5,000 ரூபாய். மொத்தம் 3,00,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 54,000 ரூபாய். ஆக, விற்பனையாளர் தரும் விலைப்பட்டியல் 3,54,000 ரூபாய்க்கு இருக்கும்.

ஒப்புதல்: மூன்று கேள்விகள்

இந்தப் பணம் வெளிவர, முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். சட்டமன்றம் அனுமதித்திருக்கிறதா? தகுதியுள்ள அலுவலர் ஒப்புதல் அளித்திருக்கிறாரா? இந்த அலுவலகத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்துவிட்டதால் மற்றவை தீர்ந்துவிடாது.

அரசின் வரி வருவாயும் அரசு வாங்கும் கடனும் மாநிலத் தொகுப்பு நிதியில் சேர்கின்றன. சட்டத்தின் வழியாக அன்றி அதிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 266-ஆவது பிரிவு. ஆண்டுதோறும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் சட்டமன்றத்தில் நிறைவேறிய பிறகு, 204-ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றப்படுகிறது. அதன்பின் துறைத் தலைவர் தம் துறைக்குக் கிடைத்த தொகையைக் கீழுள்ள அலுவலகங்களுக்குப் பிரித்து ஒதுக்குகிறார்.

எந்த அலுவலர் எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம் என்பதை அரசு ஆணைகளும் நிதி விதித் தொகுப்பும் வரையறுக்கின்றன. தலைமை ஆசிரியரின் வரம்புக்கு மேற்பட்ட செலவு என்றால் கோப்பு மேலதிகாரிக்குப் போக வேண்டும். ஒப்புதல் ஆணையில் செலவின் நோக்கம், உச்சத் தொகை, கணக்குத் தலைப்பு ஆகிய மூன்றும் இருக்கும். ஆனால், ஒப்புதல் ஆணை மட்டும் கையிலிருந்தால் போதாது. ஒதுக்கீடு வந்து சேராவிட்டால் அந்த ஆணையால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.

கணக்குத் தலைப்பு என்பது செலவின் முகவரி. 2202 என்பது பொதுக் கல்வி; அடுத்து வரும் 02 இடைநிலைக் கல்வி; 109 அரசு இடைநிலைப் பள்ளிகள். அதற்குப் பின்வரும் குறியீடுகள் திட்டத்தையும், செலவு சம்பளமா அலுவலகச் செலவா என்ற வகையையும் காட்டும். நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்துக்கும் பொருள் உண்டு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 என்றால் மூலதனச் செலவு. தலைப்பு தவறினால், உண்மையாகச் செய்த செலவும் வேறொரு துறையின் கணக்கில் ஏறிவிடும்.

பட்டியல்: பெற்று வழங்குபவரின் பொறுப்பு

மேசைகள் பள்ளிக்கு வந்ததும் தலைமை ஆசிரியர் அவற்றை எண்ணி, தரம் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் பதிகிறார். விலைப்பட்டியலின் மீதே எந்தப் பக்கத்தில் பதியப்பட்டது என்று சான்று எழுதப்படும். பின்னர் அலுவலக உதவியாளர் பட்டியலைத் தயாரிக்கிறார். தமிழ்நாட்டில் இது இப்போது களஞ்சியம் என்ற இணையவழி அமைப்பில் நடைபெறுகிறது. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் தற்போதைய பெயர் அது. ஒருவர் உள்ளீடு செய்ததை இன்னொருவர் சரிபார்த்து, கடைசியாகத் தலைமை ஆசிரியர் ஒப்புதல் தந்து கருவூலத்துக்கு அனுப்புகிறார்.

பட்டியலில் பிடித்தங்களும் சேர வேண்டும். வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டினால், அரசு அலுவலகம் 2 விழுக்காடு ஜிஎஸ்டி பிடித்தம் செய்ய வேண்டும் என்பது 2018 அக்டோபர் முதல் நடைமுறை. இந்த எடுத்துக்காட்டில் பிடித்தம் 3,00,000 ரூபாய்க்கு 6,000 ரூபாய். விற்பனையாளருக்கு நிகரமாகப் போவது 3,48,000 ரூபாய். ஆனால் பள்ளியின் ஒதுக்கீட்டிலிருந்து கழிவது முழுத் தொகையான 3,54,000 ரூபாய்தான். பிடித்த 6,000 ரூபாயை அரசுக்குச் செலுத்தி, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-7 படிவத்தில் காட்டுவதும் பெற்று வழங்கும் அலுவலரின் கடமை. அதைச் செய்யத் தவறினால் விற்பனையாளருக்கு அந்தத் தொகை வரவாகாது.

சம்பளப் பட்டியலும் இதே வழியில்தான் போகிறது. ஒப்புதல் மட்டும் மாதந்தோறும் புதிதாகத் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடமும் பணிப்பதிவேட்டில் உள்ள ஊதிய விவரமுமே அதற்கு ஆதாரம்.

கருவூலம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

கருவூலத்தில் பட்டியலுக்கு முதலில் டோக்கன் எண் கிடைக்கும். கணக்கர் பார்ப்பவை இவை: அனுப்பியவர் அந்த அலுவலகத்துக்குப் பணம் பெற அதிகாரம் பெற்றவரா, ஒப்புதல் ஆணை இணைக்கப்பட்டிருக்கிறதா, தலைப்பு சரியா, ஒதுக்கீட்டில் இருப்பு உண்டா, கூட்டலும் பிடித்தங்களும் சரியா, அதே விலைப்பட்டியலுக்கு ஏற்கெனவே பணம் போயிருக்கிறதா. குறை இருந்தால் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவார். இல்லையென்றால் கருவூல அலுவலர் பட்டியலை ஏற்று, பணம் செலுத்த உத்தரவிடுவார். உத்தரவு ரிசர்வ் வங்கியின் இ-குபேர் அமைப்பின் வழியே சென்று, பணம் நேராக விற்பனையாளரின் வங்கிக் கணக்கில் சேரும். தலைமை ஆசிரியரின் கையில் ரொக்கம் வருவதே இல்லை.

வங்கிக் கணக்கு எண்ணிலோ கிளைக் குறியீட்டிலோ பிழை இருந்தால் பணம் திரும்பிவிடும். செலவு கணக்கில் ஏறிய பிறகும் விற்பனையாளர் பணமின்றிக் காத்திருப்பார். எனவே பட்டியல் நிறைவேறியது என்ற நிலையோடு நின்றுவிடாமல், பணம் வரவானதையும் பெற்று வழங்கும் அலுவலர் உறுதி செய்ய வேண்டும்.

மேசைகள் உண்மையில் வந்தனவா, 60-தானா, சொன்ன தரத்தில் உள்ளனவா என்பதைக் கருவூலம் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. தலைமை ஆசிரியரின் சான்றையே அது நம்புகிறது. முழு அமைப்பும் ஒரே ஒருவரின் கையெழுத்தை நம்பியிருக்கும் இடம் இதுதான். சான்று பொய்யாகி அரசுக்கு இழப்பு ஏற்பட்டால், அந்த இழப்பைக் கையெழுத்திட்டவரிடமிருந்தே வசூலிக்க விதிகளில் இடமுண்டு.

தவறுகள் பிறக்கும் இடம்

இணையவழி ஒப்புதலுக்கான கடவுச்சொல்லையோ மின்கையொப்பத்தையோ அலுவலர் தம் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டால், உள்ளீடு செய்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராகிவிடுகிறார். விலகிப்போன ஊழியரின் பெயரில் சம்பளம், நிலுவைத் தொகையாக இரண்டாம் முறை சம்பளம், உறவினரின் வங்கிக் கணக்கு எண் ஆகியவை இந்த ஓட்டை வழியாகவே நுழைகின்றன. மாதச் சம்பளப் பட்டியலைப் பணியிடப் பட்டியலோடும் சென்ற மாதத் தொகையோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவை வெளிப்பட்டுவிடும். பெயர் ஒன்றாகவும் வங்கிக் கணக்கு இன்னொருவருடையதாகவும் இருப்பது முதல் அடையாளம்.

இரண்டாவது தவறு மார்ச் மாதத்தில் நடப்பது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதியாகும். தேவைப்படாத தொகையை முன்கூட்டியே அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. உடனடியாக வழங்க வேண்டிய தேவை இல்லாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பதும் விதி. இருந்தும், ஒதுக்கீடு போய்விடுமே என்று பொருள் வருமுன்பே பட்டியல் போட்டு, பணத்தை எடுத்து அலுவலக வங்கிக் கணக்கில் போட்டுவைப்பது உண்டு. அரசின் கணக்கில் அது செலவு. நடைமுறையில் செலவாகாத பணம். இருப்புப் பதிவேட்டில் பொருள் வந்த நாள் பணம் எடுத்த நாளுக்குப் பின்னதாக இருந்தால் இந்தத் தவறு பிடிபடும்.

தேர்தல், வெள்ள நிவாரணம் போன்ற பணிகளுக்கு முன்பணம் எடுப்பது தவறல்ல. செலவு முடிந்ததும் ரசீதுகளோடு விரிவான பட்டியல் கொடுத்து, மீதியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்த இரண்டாவது பட்டியல் வராமல் கிடப்பதைத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. அது வரும்வரை, எடுத்த பணம் எதற்குப் போனது என்பதற்குச் சான்று இல்லை.

கணக்கும் தணிக்கையும்

நிறைவேறிய பட்டியலுக்குக் கருவூலம் வவுச்சர் எண் தருகிறது. மாத இறுதியில் எல்லாப் பட்டியல்களும் தலைப்புவாரியாகத் தொகுக்கப்பட்டு, சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகின்றன. மாநிலத்தின் கணக்கு அங்குதான் உருவாகிறது. மத்திய அரசில் முறை வேறு. 1976 முதல் அங்கு அமைச்சகங்களே தங்கள் சம்பளக் கணக்கு அலுவலகங்கள் வழியாகப் பணம் வழங்கிக் கணக்கும் எழுதுகின்றன.

பெற்று வழங்கும் அலுவலர் தம் பதிவேட்டில் உள்ள செலவைக் கருவூலக் கணக்கோடு மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். துறைத் தலைவர் தம் துறையின் மொத்தத்தைக் கணக்காயரின் எண்ணோடு ஒப்பிடுகிறார். பள்ளி கோராத ஒரு செலவு அதன் பெயரில் ஏறியிருந்தால் இங்குதான் தெரியவரும். ஒப்பிடாமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகும்.

ஆண்டு முடிந்ததும் சட்டமன்றம் அனுமதித்த தொகையும் உண்மையில் செலவான தொகையும் மானியம் மானியமாக ஒப்பிடப்பட்டு, நிதி ஒதுக்கக் கணக்கு தயாராகிறது. மிச்சப்பட்டாலும் மிகுந்தாலும் துறை விளக்கம் தர வேண்டும். அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தால், 205-ஆவது பிரிவின்படி சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பின்னர் பெற்றே அதை முறைப்படுத்த முடியும். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 151-ஆவது பிரிவின்படி ஆளுநரிடம் தரப்பட்டு, சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. அதைச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து, துறைச் செயலாளர்களை அழைத்து விளக்கம் கேட்கிறது.