முன்னே போகும் பேருந்தும் பின்னே வரும் காரும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பேருந்து காலை 6 மணிக்குக் கிளம்புகிறது. வேகம் மணிக்கு 60 கி.மீ. அதே இடத்திலிருந்து, அதே சாலையில், 7 மணிக்கு ஒரு கார் கிளம்புகிறது. அதன் வேகம் மணிக்கு 80 கி.மீ. கார் எத்தனை மணிக்குப் பேருந்தைப் பிடிக்கும்?

பள்ளி வகுப்பறையிலும் சரி, போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்திலும் சரி, இந்தக் கணக்குக்கு அடிக்கடி வரும் தவறான விடை 7.45. அது எப்படி வருகிறது என்று பார்த்தால் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளத் தோன்றாது. ஒரு மணி நேரத்தில் பேருந்து 60 கி.மீ. போயிருக்கும். காரின் வேகம் 80. அறுபதை எண்பதால் வகுத்தால் முக்கால் மணி நேரம். வகுத்தலில் பிழையில்லை. ஆனால் 7.45-க்குக் கார் எங்கே இருக்கும்? 7 மணிக்குப் பேருந்து இருந்த இடத்தில். அந்த முக்கால் மணியில் பேருந்து இன்னும் 45 கி.மீ. முன்னே போய்விட்டது. கணக்குப் போட்டவர் பேருந்தை 60-ஆவது கிலோமீட்டரில் நிறுத்தி வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி, சாலையோரத்திலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டுப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பின்பக்கக் கண்ணாடி வழியே பார்ப்பது. கார் 7 மணிக்குக் கிளம்பும்போது நமக்கும் அதற்கும் 60 கி.மீ. இடைவெளி. அடுத்த ஒரு மணி நேரத்தில் கார் நம்மை நோக்கி 80 கி.மீ. வருகிறது. நாம் 60 கி.மீ. விலகிப் போகிறோம். ஆக, இடைவெளி 20 கி.மீ. மட்டுமே குறைகிறது. 8 மணிக்கு 40 கி.மீ. இருக்கும், 9 மணிக்கு 20 கி.மீ., 10 மணிக்கு எதுவும் இல்லை. கார் நம் பக்கத்தில் வந்துவிட்டது.

விடை: காலை 10 மணி. கார் ஓடியது 3 மணி நேரம், பேருந்து ஓடியது 4 மணி நேரம்.

இந்த வகைக் கணக்கு முழுவதும் இவ்வளவில் அடங்கும். வேகமான வண்டி கிளம்பும் நொடியில் இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளி மணிக்கு எவ்வளவு சுருங்குகிறது என்ற இரண்டைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். சுருங்கும் அளவைத்தான் பாடப்புத்தகம் சார்பு வேகம் என்கிறது. இரண்டும் ஒரே திசையில் போகும்போது வேகங்களைக் கழிக்கிறோம், எதிரெதிரே வரும்போது கூட்டுகிறோம். இதை இரண்டு தனி விதிகளாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு அறையில் எது எதற்கு என்று குழம்பிப் போகிறார்கள். இடைவெளி என்ன ஆகிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கு மனப்பாடமே வேண்டாம்.

இந்தக் கேள்வி மோட்டார் வண்டிகளோடு பிறந்ததும் அல்ல. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்குயின் என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் ஒரு லத்தீன் புதிர்த் தொகுப்பில், முயலைத் துரத்தும் நாய் வருகிறது. இரண்டுக்கும் இடையே 150 அடி. ஒரு பாய்ச்சலில் முயல் 7 அடி போகிறது, நாய் 9 அடி போகிறது. பாய்ச்சலுக்கு 2 அடி வீதம் இடைவெளி குறைவதால் 75 பாய்ச்சலில் நாய் முயலைப் பிடித்துவிடும். இதில் மணியும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை. ஆனாலும் கணக்கு அதேதான்.

நம் பேருந்துக்கு வருவோம். விடையைச் சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: பிடிக்கும் இடத்தில் இரண்டு வண்டிகளும் கிளம்பிய இடத்திலிருந்து ஒரே தூரம் வந்திருக்கின்றனவா? கார் 3 மணி நேரத்தில் 240 கி.மீ. வந்திருக்கும். பேருந்தும் 4 மணி நேரத்தில் 240 கி.மீ. வந்திருக்கும். அதாவது உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி, பெரம்பலூர் வருவதற்கு முன்னால் ஓரிடம். இரண்டு தூரங்களும் வேறு வேறாக வந்தால் எங்கோ தவறியிருக்கிறோம். 7.45 என்று எழுதியவர் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் காருக்கு 60 கி.மீ.-யும் பேருந்துக்கு 105 கி.மீ.-யும் கிடைத்திருக்கும். தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும்.

சமன்பாடு எழுதித்தான் செய்ய வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், இந்தச் சோதனையையே முதல் வரியாக எழுதலாம். கார் ஓடும் நேரத்தை t மணி என்று வைத்துக்கொண்டால் பேருந்து ஓடும் நேரம் t + 1. தூரங்கள் சமம் என்பதால்:

80t = 60(t + 1)

இதைத் தீர்த்தால் t = 3. இங்கே சறுக்கும் இடம் அந்த கூட்டல் குறிதான். கார் ஒரு மணி நேரம் தாமதம் என்றதும் கை தானாக t − 1 என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் t = −3 என்று வரும். இந்தக் கணக்கில் எதிர்மறை நேரம் வந்தால், எந்த வண்டி கூடுதல் நேரம் ஓடியது என்பதை மாற்றி எழுதியிருக்கிறோம் என்று பொருள். t என்பது யாருடைய நேரம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை வராது. கேள்வி கேட்பது என்ன என்பதும் அப்போது தெளிவாகும். “எத்தனை மணிக்கு” என்றால் 10. “கார் கிளம்பி எவ்வளவு நேரத்தில்” என்றால் 3 மணி நேரம். “பேருந்து கிளம்பி எவ்வளவு நேரத்தில்” என்றால் 4 மணி நேரம். பலர் மதிப்பெண்ணை இழப்பது வகுத்தலில் அல்ல, இந்தக் கடைசி வரியில்தான்.

இப்போது கணக்கைக் கொஞ்சம் கடினமாக்குவோம். 8 மணிக்குப் பேருந்து திண்டிவனம் பக்கம் டீ குடிக்கக் கால் மணி நேரம் நிற்கிறது. கார் எங்கும் நிற்கவில்லை. முழுப் பயணத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால் இங்கே விடை தப்பும், ஏனென்றால் இடைவெளி சுருங்கும் வேகம் நடுவில் மாறிவிட்டது. எனவே பயணத்தைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். 8 மணிக்கு இடைவெளி 40 கி.மீ. அடுத்த 15 நிமிடம் பேருந்து நிற்பதால் இடைவெளி மணிக்கு 80 கி.மீ. வீதம் குறையும், அதாவது 20 கி.மீ. குறைந்துவிடும். முதலில் தவறாகப் போட்ட அந்த எண்பதால் வகுக்கும் கணக்கு, பேருந்து உண்மையிலேயே நிற்கும் இந்தக் கால் மணிக்கு மட்டும் சரியாகப் பொருந்துகிறது. 8.15-க்கு மிச்சம் 20 கி.மீ. பேருந்து மறுபடி கிளம்பியதும் பழையபடி மணிக்கு 20 கி.மீ. வீதம் குறையும். எனவே 9.15-க்குக் கார் பேருந்தைப் பிடிக்கும். சரிபார்த்தால் கார் இரண்டேகால் மணி நேரத்தில் 180 கி.மீ., பேருந்து நின்ற நேரம் போக 3 மணி நேரத்தில் 180 கி.மீ. கால் மணி நேர டீ, சந்திப்பை முக்கால் மணி நேரம் முன்னே இழுத்துவிட்டது.

தாமதம் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். கார் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் இடைவெளி 1 கி.மீ. கூடுகிறது. அதை ஈடுகட்ட, மணிக்கு 20 கி.மீ. வீதம், 3 நிமிடம் வேண்டும். தாமதித்த நிமிடத்தையும் சேர்த்தால் சந்திப்பு 4 நிமிடம் தள்ளிப்போகும், சந்திக்கும் இடமும் 4 கி.மீ. தள்ளிப்போகும். கார் 7.30-க்குக் கிளம்புவதாக வைத்துப் போட்டுப் பாருங்கள். இடைவெளி 90 கி.மீ., நேரம் நாலரை மணி, நண்பகல் 12 மணிக்கு 360-ஆவது கிலோமீட்டரில் பிடிக்கும் என்று விடை வரும். ஆனால் திருச்சி ஏறத்தாழ 330 கி.மீ.தான். பேருந்து 11.30-க்கே ஊர் சேர்ந்து பயணிகள் இறங்கிப் போயிருப்பார்கள். வகுத்தல் சரி, ஆனால் வழியில் கார் பேருந்தைப் பிடிக்கவே இல்லை. சூத்திரத்துக்குச் சாலை எங்கே முடிகிறது என்று தெரியாது. சேரும் ஊரின் தூரத்தைக் கேள்வியில் கொடுத்திருந்தால், அதைக் கொடுத்த காரணம் பெரும்பாலும் இதுதான். வேக வித்தியாசம் சின்னதாக இருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். காரின் வேகம் 65 ஆக இருந்தால், ஒரு மணி நேரத் தாமதத்தை ஈடுகட்ட 12 மணி நேரம் ஓட வேண்டும்.

நிமிடங்களை மணியாக மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும். 45 நிமிடத் தாமதம் என்பது 0.75 மணி, 0.45 அல்ல. அதேபோல 2.4 மணி நேரம் என்று விடை வந்தால் அது 2 மணி 24 நிமிடம். 2 மணி 40 நிமிடம் என்றோ 2 மணி 4 நிமிடம் என்றோ எழுதிவிடக் கூடாது.

இதுவரை காரையும் பேருந்தையும் வெறும் புள்ளிகளாகவே பார்த்தோம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் ஒரு பேருந்தின் நீளம் கணக்கில் வராது. ரயில் என்றால் அப்படி விட முடியாது. 600 மீட்டர் நீளமுள்ள சரக்கு ரயில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில், அதே திசையில், 450 மீட்டர் நீளமுள்ள விரைவு ரயில் 72 கி.மீ. வேகத்தில் வந்து அதை முந்துகிறது. முழுவதும் முந்த எவ்வளவு நேரம்?

முந்துவது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தால் போதும். விரைவு ரயிலின் எஞ்சின் முனை சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியைத் தொடும்போது தொடங்குகிறது. விரைவு ரயிலின் கடைசிப் பெட்டி சரக்கு ரயிலின் எஞ்சினைத் தாண்டும்போது முடிகிறது. இதற்குள் விரைவு ரயில், சரக்கு ரயிலைவிடக் கூடுதலாகப் போயிருக்க வேண்டிய தூரம் இரண்டு நீளங்களின் கூடுதல், 1050 மீட்டர். வேக வித்தியாசம் மணிக்கு 27 கி.மீ. தூரம் மீட்டரில் இருப்பதால் வேகத்தை 5/18-ஆல் பெருக்கி நொடிக்கு 7.5 மீட்டர் என்று மாற்றிக்கொள்கிறோம். 1050-ஐ 7.5-ஆல் வகுத்தால் 140 நொடி, அதாவது 2 நிமிடம் 20 நொடி.

அதே விரைவு ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சரக்கு ரயில் எவ்வளவு நேரம் பக்கத்தில் தெரியும் என்று கேட்டால் 140 என்று எழுதக் கூடாது. அவர் 450 மீட்டர் நீளமுள்ள ரயில் அல்ல, ஓர் ஆள். அவர் கடக்க வேண்டியது சரக்கு ரயிலின் 600 மீட்டரை மட்டும். 600-ஐ 7.5-ஆல் வகுத்தால் 80 நொடி. முதல் பெட்டியில் இருப்பவருக்கும் 80 நொடிதான், கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கும் 80 நொடிதான். கடைசிப் பெட்டிக்காரருக்கு அந்த 80 நொடி ஏறத்தாழ ஒரு நிமிடம் தாமதமாகத் தொடங்கும்.