யார் கைக்கும் வராத பன்னிரண்டு லட்சம்

“பத்திரத்துல நீங்க வாங்கின விலையையே போட்டுக்கலாம். டியூட்டியை மட்டும் கைடுலைன் வேல்யூவுக்குக் கட்டிட்டாப் போதும், ஒரு பிரச்சினையும் வராது.” கிரயத்துக்கு முன் பத்திர எழுத்தர் என் சித்தப்பாவிடம் சொன்னது இது. பதிவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். வழிகாட்டி மதிப்புக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியதும் பத்திரம் சிக்கலில்லாமல் கைக்கு வந்தது. ஆனால் அதே பத்திரத்தை வருமான வரித் துறையும் படிக்கும். அதை அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

மனை திருச்சிக்கு வெளியே இருக்கிறது, 2,400 சதுர அடி. 2014 கடைசியில் சித்தப்பா பத்து லட்சத்துக்கு வாங்கியது. தெருவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு சதுர அடிக்கு 2,000 ரூபாய், ஆக மொத்தம் 48 லட்சம். ஆனால் மனை தெருவின்மேல் இல்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே எட்டடிச் சந்தில் நடந்துபோனால் பின்னால் கிடக்கிறது. செங்கல் லாரி உள்ளே நுழையாது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் சந்தைப் பார்த்துவிட்டே திரும்பிப் போனார்கள். கடைசியில் 2025 ஜூனில் ஒருவர் 36 லட்சத்துக்குக் கேட்க, சித்தப்பா கொடுத்துவிட்டார். முழுப் பணமும் வங்கி வழியாக வந்தது. கறுப்பு ஒரு பைசா கிடையாது.

ரிட்டர்ன் தாக்கல் செய்யப் போனபோது ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, “பத்திரத்துல கவர்ன்மென்ட் வேல்யூ எவ்வளவு சார்?”

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50சி பிரிவு சொல்வது இதுதான்: நிலமோ கட்டடமோ விற்கும்போது, முத்திரைத் தீர்வைக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு விற்ற விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மதிப்பையே விற்ற விலையாகக் கொள்ள வேண்டும். 36 லட்சத்தின் 110 சதவீதம் 39 லட்சத்து 60 ஆயிரம். 48 லட்சம் அதைத் தாண்டிவிட்டது. ஆகவே சித்தப்பா 48 லட்சத்துக்கு விற்றதாகக் கணக்கு. அவர் கண்ணால் கண்ட லாபம் 26 லட்சம். வரிக்கு உரிய லாபம் 38 லட்சம். பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாத 12.5 சதவீத வீதமே அவருக்கு லாபமாக இருந்தது. அதன்படி, செஸ்ஸும் சேர்த்து 3 லட்சத்து 38 ஆயிரமாக இருந்திருக்க வேண்டிய வரி, 4 லட்சத்து 94 ஆயிரமாக ஏறியது. வராத பணத்துக்கு 1 லட்சத்து 56 ஆயிரம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. வாங்கியவருக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, 56(2)(எக்ஸ்). 48 லட்சம் பெறும் சொத்து 36 லட்சத்துக்குக் கிடைத்தால், மிச்சம் 12 லட்சம் அவருக்கு வந்த வருமானம் என்கிறது அது. வித்தியாசம் 50 ஆயிரம், விலையில் பத்து சதவீதம் என்ற இரண்டில் பெரியதைத் தாண்டினாலே போதும், முழு வித்தியாசமும் ‘இதர வருமான’த்தில் சேர்ந்துவிடும். அவர் 30 சதவீத வரி கட்டுகிற சம்பளக்காரர். செஸ்ஸோடு அவர் பங்கு ஏறக்குறைய 3 லட்சத்து 74 ஆயிரம். இல்லாத அதே 12 லட்சத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 5 லட்சத்து 30 ஆயிரம் வரி. ஒரே ஆறுதல், நாளை அவர் இந்த மனையை விற்கும்போது வாங்கிய விலையை 48 லட்சமாகக் காட்டிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கு அப்படி எதுவும் கிடையாது.

அந்தப் பத்து சதவீதம் சரிவுப் பாதை அல்ல, கிணற்றுச் சுவர். இதே மனையை 43 லட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்றிருந்தால் இருவருக்கும் கூடுதல் வரி ஒரு ரூபாய்கூட இல்லை. பேரம் பேசி 70 ஆயிரம் குறைத்து 43 லட்சமாக்கியிருந்தால், வித்தியாசம் 5 லட்சமும் வாங்கியவர் தலையில் வருமானமாக விழுந்து, 1 லட்சத்து 56 ஆயிரம் வரி கேட்டிருக்கும். 70 ஆயிரம் மிச்சம் பிடிக்கப்போய் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்டம். ஆகவே பேரத்துக்கு உட்காரும் முன் tnreginet.gov.in தளத்தில் தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் உள்ள மதிப்பைப் பார்த்து, அதை 1.1-ஆல் வகுத்து, வருகிற தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

“காட்டாம விட்டா என்ன ஆகும் தம்பி?” என்றார் சித்தப்பா. ஆடிட்டர் சிரித்தார். 2025-இல் பதிவான, 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒவ்வொரு பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ரிட்டர்ன் படிவத்திலும் கைக்கு வந்த விலைக்கு ஒரு கட்டம், அரசு மதிப்புக்குத் தனியாக ஒரு கட்டம். விட்டுவிட்டால் நோட்டீஸ் வரும், வட்டியும் சேரும்.

தப்பிக்க நேர்மையான வழி இரண்டு உண்டு. ஒன்று, கிரய ஒப்பந்தத் தேதி. ஒப்பந்தம் போட்ட நாளுக்கும் பதிவுக்கும் நடுவே வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டால், ஒப்பந்த நாளின் மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 அன்று புதிய மதிப்புகள் வந்தபோது பலருக்கு இது தேவைப்பட்டது. ஆனால் அட்வான்ஸில் ஒரு பகுதியாவது ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கி ஒப்பந்தத்தின் பின்பக்கம் வரவு எழுதிக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. நில விற்பனையில் 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதே தனிக் குற்றம்; வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் விழலாம்.

சித்தப்பாவுக்கு இந்த வழி இல்லை. ஒப்பந்தத்தன்றும் அதே 48 லட்சம்தான்.

இரண்டாவது, அரசு மதிப்பையே மறுப்பது. ‘இந்த மனை சந்தையில் அவ்வளவு பெறாது’ என்று மதிப்பீட்டு அதிகாரியிடம் எழுத்தில் சொன்னால், அவர் அதைத் துறையின் மதிப்பீட்டுப் பொறியாளருக்கு அனுப்பலாம். பொறியாளர் நேரில் பார்த்து 41 லட்சம் என்று சொன்னால், 48-க்குப் பதில் அந்த 41-தான் விற்ற விலை. 52 என்று சொன்னால்கூட நஷ்டமில்லை. 48-க்கு மேல் ஏற்ற முடியாது. இவ்வளவு சாதகமான ஏற்பாட்டைப் பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். வரி செலுத்துபவர் கேட்கத் தவறினாலும் அதிகாரியே இந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. விலைக் குறைவுக்குக் காரணம் எது, அதற்குச் சான்று எது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். வாங்கியவரும் தன் கணக்கில் இதே கோரிக்கையைத் தனியாக வைக்கலாம். சித்தப்பாவுக்குக் கிடைத்தது தானாக அவருக்கும் கிடைத்துவிடாது.

அவசரத் தேவைக்காகக் குறைத்து விற்றேன் என்ற காரணம் மட்டும் பெரும்பாலும் எடுபடாது. நிலத்தில் உள்ள குறை எடுபடும்: பாதை, பள்ளம், ஆக்கிரமிப்பு, வழக்கு, மேலே போகிற மின்கம்பி. ஆடிட்டர் கேட்ட பட்டியலும் அப்படித்தான் இருந்தது. புல எல்லை வரைபடம், அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, சந்தின் அகலம் தெரியும் புகைப்படங்கள்.

மறுநாள் காலை சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். மனை இப்போது அவருடையதல்ல என்பதால் வாங்கியவருக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். இருவரும் சந்தின் இரு சுவர்களை ஒட்டி நின்று டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் படம் எடுத்தேன். டேப்பில் ஏழடி பத்தங்குலம்தான் இருந்தது.