302 போய் 103 வந்தபோது

சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் சினிமா புண்ணியத்தில் இரண்டு எண்கள் தெரியும். கொலை என்றால் 302. ஏமாற்றுக்காரன் என்றால் 420. 2024 ஜூலை 1 அன்று இரண்டுமே மாறிவிட்டன. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவுக்குப் போனது. மோசடி 318ஆம் பிரிவுக்குப் போனது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் அதே நாளில் மாற்றுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

நீதிமன்றங்களில் இதன் பாதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. மாணவர் விடுதி அலமாரிகளிலும் ஒன்று நடந்தது; அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தொள்ளாயிரம், ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய தடித்த குற்றவியல் நூல்களை, படித்து முடித்ததும் ஜூனியரிடம் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தவர்களிடம் அவை அப்படியே தங்கிவிட்டன. பழைய சட்டத்தின்படி தொடரப்பட்ட வழக்குகள் இன்னும் நடப்பதால் வக்கீல்களுக்கு அந்த நூல்கள் தேவைப்படும். ஆனால் புதிய சட்டத்தைப் படித்துத் தேர்வு எழுதப்போகும் முதலாண்டு மாணவர் அவற்றை ஏன் வாங்கப் போகிறார்?

பாடப்புத்தகம் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கையிலிருந்து உண்மையில் போகும் பணம் வேறு. வாங்கிய விலையில், படித்து முடித்து விற்றால் கிடைக்கும் தொகையைக் கழித்தால் வருவதுதான் அந்தப் புத்தகத்தின் நிஜமான செலவு. அந்த மறுவிற்பனைத் தொகையைத் தீர்மானிப்பது புத்தகத்தின் பளபளப்பு அல்ல. அடுத்த பதிப்பு எப்போது வரும், அதில் என்ன மாறும் என்பதுதான். சட்டப் படிப்பில் இது பளிச்சென்று தெரியும்.

ஒரு செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம், சட்டவியல் என்று மூன்று தாள்கள் வைத்திருக்கும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காகச் சொல்லப்படுபவை. கடைக்குக் கடை மாறும்.

முதலில் சட்டவியல். சட்டம் என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்று தத்துவம் பேசும் தாள் இது. சால்மண்ட் எழுதிய நூல் இந்திய மாணவர்களிடையே இன்றும் புழங்குகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டு செம்மைப்படுத்திய அதன் 12ஆம் பதிப்பு 1966இல் வந்தது. அறுபது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த மாதிரி நூலுக்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரி நூலகத்தில் எந்த வருடத்துப் பிரதி இருந்தாலும் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, வேண்டிய அத்தியாயங்களுக்குக் குறிப்பு எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நூலகப் புத்தகத்தின் சிக்கல் ஒன்றுதான்: அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு மூன்று பிரதிதான் இருக்கும், தேர்வு வாரத்தில் மூன்றும் வெளியே போயிருக்கும். அதனால் இரவல் வாங்கிப் படிப்பதை செமஸ்டரின் முதல் பாதியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உட்கார்ந்து படிக்க உதவும்.

அடுத்தது ஒப்பந்தச் சட்டம். இங்கேதான் பழைய புத்தகக் கடை கைகொடுக்கும். சட்டம் 1872இல் வந்தது. அதன் அடிப்படைப் பிரிவுகள் பெரிதாக அசையவில்லை. மைனரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு இன்றைக்கும் 1903ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பைத்தான் வகுப்பில் நடத்துகிறார்கள். புது நூல் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செமஸ்டர் முடிந்ததும் ஜூனியர் 450 தருவார். நிஜச் செலவு 350. முந்தைய பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் 400க்கு வாங்கி, நல்லபடியாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 200. ‘படிச்சிட்டு கொண்டு வாங்க, பாதி தர்றோம்’ என்ற இந்த ஏற்பாட்டுக்கு யாரும் வாடகை என்று பெயர் வைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் ஆறு மாதத்துக்கு 200 ரூபாய் வாடகைதான் அது.

ஆனால் இந்த நூலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டப் பாடநூல்கள் பலவற்றின் பின்பகுதியில் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தையும் சேர்த்தே விளக்கியிருப்பார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்லி உத்தரவிடுவதா வேண்டாமா என்பது அதுவரை நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உத்தரவிட்டே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. 2017இல் அச்சான நூலில் முதல் முக்கால் பங்கு நம்பிப் படிக்கலாம். கடைசிப் பகுதியைப் படித்தால் தேர்வில் பழைய விதியை எழுதிவிட்டு வர வேண்டியதுதான். கடையில் அந்தப் புத்தகம் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

எனவே பழைய பிரதியைக் கையில் எடுத்தால் விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் புரட்ட வேண்டும். ஒன்று, தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அங்கே ‘பதிப்பு’ என்று ஓர் ஆண்டும் ‘மறுஅச்சு’ என்று இன்னோர் ஆண்டும் இருக்கும். 2014 பதிப்பு, 2023 மறுஅச்சு என்றால் உள்ளே இருப்பது 2014ஆம் ஆண்டுச் சரக்கு, காகிதம்தான் புதுசு. சில பதிப்பாளர்கள் மறுஅச்சில் ஒரு பின்னிணைப்பை மட்டும் ஒட்டி, நடுவில் எதையும் தொடாமல் விடுவார்கள். இரண்டாவது, புத்தகத்தின் முகப்பில் வரும் வழக்குப் பட்டியல். அதில் மிகப் புதிய தீர்ப்பு எந்த ஆண்டினது என்று பார்த்தால், ஆசிரியர் எப்போது பேனாவைக் கீழே வைத்தார் என்பது தெரிந்துவிடும். அரசியலமைப்புச் சட்ட நூல் என்றால் இன்னும் சுலபம்: அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்ன 2017 ஆகஸ்ட் மாத புட்டசாமி தீர்ப்பு அதில் இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

புதிய பதிப்பு உண்மையிலேயே புதியதா என்பதற்கு அதன் முன்னுரைதான் சாட்சி. எந்த அத்தியாயம் திருத்தி எழுதப்பட்டது, எந்தத் தீர்ப்புகள் சேர்ந்தன என்று ஆசிரியர் அங்கே சொல்லியிருப்பார். ‘வாசகர்களின் பேராதரவால்’ என்று தொடங்கி அதோடு முடிந்துவிட்டால், முந்தைய பதிப்பே போதும்.

மிச்சமிருப்பது குற்றவியல் சட்டம். மூன்றிலும் கடினமான முடிவு இதுதான். இங்கே 2024க்கு முந்தைய நூலை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. பழைய சட்டத்தில் 511 பிரிவுகள், புதியதில் 358. பல குற்றங்களின் வரையறை ஏறக்குறைய அதே சொற்களில் இருந்தாலும் எண்ணும் வரிசையும் மாறிவிட்டன. சில குற்றங்கள் புதிதாக வந்தன, சில இல்லாமல் போயின. ‘புதிய சட்டத்தின்படி’ என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே பழைய எண்களில் விளக்கம் எழுதி, கடைசியில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைச் சேர்த்த நூலாக இருந்தால் வாங்கவே வேண்டாம். 103ஆம் பிரிவின் பக்கத்தைத் திறந்து, விளக்கம் அந்த எண்ணிலேயே ஓடுகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கல்லூரிப் புத்தக வங்கியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வங்கியில் இருக்கும் நாற்பது பிரதிகளும் பழைய சட்டத்தினுடையவையாக இருக்கலாம். இலவசம் என்பதற்காக அதை எடுத்துப் படித்தால், பின்னால் கட்டும் அரியர் கட்டணம் புத்தக விலையைத் தாண்டிவிடும்.

ஆகப் புதியதுதான் வேண்டும். அதை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? நூல் 900 ரூபாய். செமஸ்டர் முடிவில் 500க்கு விற்கலாம் என்றால் செலவு 400. ஆனால் புதுச் சட்டத்துக்கான நூல்கள் இப்போதுதான் நிலைபெற்று வருகின்றன. உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் புதிய பிரிவுகளுக்கு விளக்கம் சொல்லச் சொல்ல, பதிப்புகள் சீக்கிரம் சீக்கிரம் மாறும். விற்கப்போகும் நேரத்தில் அடுத்த பதிப்பு வந்துவிட வாய்ப்பு சரிபாதி என்று வைத்தால், 500 ரூபாயை முழுதாக எண்ணக் கூடாது. 250 என்றுதான் எண்ண வேண்டும். செலவு 650 ஆகிவிடுகிறது. அதே நூல் ஒரு செமஸ்டருக்கு 400 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பதிப்பு மாறினால் வரும் நஷ்டம் வாடகைக்கு விட்டவருடையது, படித்தவருக்குச் சம்பந்தமில்லை.

பழைய புத்தகக் கடையின் ‘பாதி விலைக்கு எடுத்துக்கிறோம்’ இந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. புதிய பதிப்பு வந்துவிட்டால் கடைக்காரரும் எடுக்க மாட்டார். வாங்கும்போதே ‘எடிஷன் மாறினாலும் எடுப்பீங்களாண்ணே?’ என்று கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எந்தத் தாளுக்கும் சொந்தமாக, புதிதாக வாங்க வேண்டியது ஒன்றுண்டு: ‘பேர் ஆக்ட்’ என்று மாணவர்கள் சொல்லும், விளக்கவுரை இல்லாத மூலச் சட்டப் புத்தகம். விலை குறைவு. அடிக்கோடு போட்டு, ஓரத்தில் எழுதி, கிழியும்வரை புழங்கலாம். விற்கும் கவலை கிடையாது. மத்திய அரசின் indiacode.nic.in தளத்திலும் சட்டங்களின் மூலவாசகத்தைக் காசு கொடுக்காமல் படிக்கலாம். விற்க நினைக்கும் பாடநூலில் பேனா படக் கூடாது, பென்சில்தான்.

விற்க நினைக்கும் நாளும் விலையை மாற்றும். தேர்வு முடிந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்கு ஓடுவார்கள், விலை விழும். ஜூனியருக்கு அந்தத் தாள் தொடங்கும் வாரத்தில் நேராக அவரிடமே கொடுத்தால் கடைக்காரர் தருவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

அந்த மாணவிக்கு அடுத்த ஆண்டு தொழிலாளர் சட்டமும் வரிச் சட்டமும் வரும். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2019, 2020ஆம் ஆண்டுகளிலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறின. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘இன்றைக்கு வரும், நாளைக்கு வரும்’ என்று காத்திருந்தவர்கள் பழைய சட்டத்தைப் படித்தே பட்டம் வாங்கிப் போனார்கள். வருமான வரியில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. நடைமுறை நாள் 2026 ஏப்ரல் 1. அதற்கு முந்தைய வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் கொஞ்ச காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கேள்வித்தாள் எந்தச் சட்டத்தின்படி வரும் என்று பேராசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை, அந்த இரண்டு தாள்களுக்கும் அவர் பேர் ஆக்ட் மட்டும் வாங்கினால் போதும். பாடநூலை நூலகத்திலிருந்தோ வாடகைக்கோ எடுத்துக்கொள்ளலாம்.