நம் பாக்கெட்டைப் போலவே இன்னொரு பாக்கெட்

விருதுநகரில் ஒருவர் பருப்புப்பொடி தயாரித்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருநீலக் கவர், ஓரம் முழுக்க வெள்ளைக் கோலம், நடுவில் ஒரு மர உரல் படம், அதன் கீழே மஞ்சள் எழுத்தில் பெயர். நான்கைந்து வருடமாக அதே கவர்தான். ஒருநாள் மதுரைக் கடைக்காரர் போனில், ‘உங்க சரக்கு விலையைக் குறைச்சிட்டீங்களாண்ணே?’ என்று கேட்கிறார். போய்ப் பார்த்தால் அதே கருநீலம், அதே வெள்ளைக் கோலம், நடுவில் உரலுக்குப் பதில் அம்மி, மஞ்சள் எழுத்தில் வேறொரு பெயர்.

அவர் என்ன செய்ய முடியும்? ‘பேரே வேற, படமும் வேற, ஒண்ணும் பண்ண முடியாது’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது சரியல்ல. ‘போலீஸ்ல சொன்னா நாளைக்கே தூக்கிடுவாங்க’ என்பதும் நடப்பதில்லை. உண்மை நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு பிஸ்கட் வழக்குகள் போதும்.

முதலாவது பார்லே வழக்கு. பார்லே குளுகோ பிஸ்கட்டின் உறையில் ஒரு பண்ணை வீடு, மாடுகள், கோழிகள், நடுவில் தண்ணீர் வாளியுடன் ஒரு பெண். மைசூரைச் சேர்ந்த ஒரு கம்பெனி ஏறக்குறைய அதே அளவில், அதே நிறத்தில் தன் குளுகோஸ் பிஸ்கட்டுக்கு உறை போட்டது. அதிலும் பண்ணை வீடு, மாடு, கோழி, ஒரு பெண் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணிடம் இருப்பது தண்ணீர் வாளி அல்ல, தலையில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள். வீட்டின் அமைப்பும் வேறு. கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் இந்த வேறுபாடுகளைக் கணக்கிட்டு பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டன. 1972இல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடக்கூடாது. கடைக்கு வருகிறவர் ஷெர்லாக் ஹோம்ஸ் அல்ல. மனதில் தங்கியிருக்கும் மொத்தத் தோற்றத்தை வைத்தே அவர் சரக்கை எடுக்கிறார் என்றது. நம் விருதுநகர்க்காரருக்கு இது பெரிய பலம். உரல் அம்மியாக மாறியதும் பெயர் மாறியதும் மட்டுமே எதிராளியைக் காப்பாற்றிவிடாது.

இரண்டாவது வழக்கு எச்சரிக்கை. 2016 பிப்ரவரியில் ஐடிசி நிறுவனம் சன்ஃபீஸ்ட் ஃபார்ம்லைட் வரிசையில் ஒரு டைஜெஸ்டிவ் பிஸ்கட்டை மஞ்சளும் நீலமும் சேர்ந்த உறையில் கொண்டுவந்தது. அதே வருடம் ஜூலையில் பிரிட்டானியா தன் நியூட்ரிசாய்ஸ் டைஜெஸ்டிவ் ஜீரோவை அதே மஞ்சள் நீலச் சேர்க்கையில் இறக்கியது. டெல்லி ஹைகோர்ட்டின் தனி நீதிபதி செப்டம்பரில் ஐடிசிக்குச் சாதகமாகத் தடையாணை தந்தார். 2017 மார்ச்சில் அதே கோர்ட்டின் இரு நீதிபதி பெஞ்ச் அதை ரத்து செய்தது. உறைகள் ஒத்திருக்கின்றனவா என்பதோடு விஷயம் முடியவில்லை. மஞ்சளும் நீலமும் என்றாலே ஐடிசி பிஸ்கட் என்று ஜனங்கள் நினைக்கும் அளவுக்கு அந்த நிறச்சேர்க்கை பதிந்துவிட்டதா என்பதே கேள்வியாக இருந்தது. சில மாதங்களில் அப்படிப் பதிந்துவிட்டது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று பெஞ்ச் முடிவு செய்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டம் எதைக் காக்கிறது என்பது விளங்கும். வக்கீல்கள் ‘பாஸிங் ஆஃப்’ என்று சொல்லும் இந்த உரிமைக்கு டிரேட்மார்க் பதிவு தேவையில்லை. ஒருவர் தன் சரக்கை இன்னொருவருடைய சரக்கு என்று நம்பவைத்து விற்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஆகவே, கோர்ட் உங்கள் டிசைனின் அழகைக் காப்பதில்லை; அந்தக் கவரைப் பார்த்ததும் வாங்குகிறவர் மனதில் உங்கள் சரக்கு வந்து நிற்கிறதே, அந்தத் தொடர்பைக் காக்கிறது. அது இருக்கிறது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் தொழிலில் எல்லோரும் பயன்படுத்துவதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. மிளகாய்ப்பொடிக்குச் சிவப்பு, மஞ்சள்தூளுக்கு மஞ்சள், உள்ளே இருப்பதைக் காட்டும் ஒளிபுகும் ஜன்னல், நிற்கும் பை, வாழையிலைப் படம் எல்லாம் பொதுச்சொத்து. நம் உதாரணத்தில் கோலம் தனியாக யாருக்கும் சொந்தமல்ல, கருநீலமும் அப்படியே. கருநீலத்தில் வெள்ளைக் கோல ஓரமும் நடுவில் கல்லோ மரமோ ஆன அரவைச் சாமானும் மஞ்சள் எழுத்தும் சேர்ந்து வருகிற அந்த மொத்த அமைப்புக்குத்தான் வாதம் உண்டு. நகலில் நிறம் மட்டும் ஒத்திருந்தால் வழக்கு போடாதீர்கள் என்றே சொல்வேன்.

சரி, முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? கோபத்தில் எதிராளிக்கு போன் போடுவதற்கு முன், இரண்டு மூன்று ஊர்க் கடைகளில் அந்தப் பாக்கெட்டை பில்லோடு வாங்குங்கள். பிரிக்காமல் வையுங்கள். பாட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் அவர் எப்போது தொடங்கினார் என்பதைச் சொல்லும். உணவுப்பொருளின் பாக்கெட்டில் தயாரிப்பவர் முகவரியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அரசின் இணையதளத்தில் தேடினால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். முகவரி பொய்யாக இருந்தாலும் இந்த எண் பல நேரம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு உங்கள் பக்கத்துக் கணக்கு. இந்தக் கவரில் விற்கத் தொடங்கியது எப்போது, வருடவாரியாக விற்பனை எவ்வளவு, விளம்பரத்துக்கு என்ன செலவு என்பதற்கெல்லாம் பில் வேண்டும். பலரும் மறந்துவிடுகிற ஒரு ஆதாரம் உண்டு. கவர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் முதன்முதலில் சிலிண்டர் வெட்டிய பில்தான் அது. நிறத்துக்கு ஒரு சிலிண்டர் என்று வெட்டி, தேதியோடு போட்ட அந்த பில், இந்த டிசைன் எப்போதிலிருந்து உங்களிடம் இருக்கிறது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. பழைய கவரின் மாதிரியையும் பிரஸ்ஸுக்கு அனுப்பிய மெயிலையும் அதோடு வையுங்கள். சில சமயம் நகலும் அதே பிரஸ்ஸில்தான் ஓடியிருக்கும். பிரஸ்காரரிடம் நேரில் பேசினால் அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட கனமான ஆதாரம் குழப்பம். ‘இந்தத் தடவை பொடி ருசியே இல்ல’ என்று ஒருவர் போட்டோ அனுப்பியிருக்கிறார், போட்டோவில் இருப்பது அந்த இன்னொரு பாக்கெட் என்றால் அதற்கு ஈடில்லை. மதுரைக் கடைக்காரரின் போனும் அப்படித்தான். அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அழித்துவிடாமல், அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்ட அதற்கென்று ஒரு சான்றிதழும் தர வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் நாட்கள்தான் ஆக வேண்டும், மாதங்கள் அல்ல. தற்காலிகத் தடையாணை கேட்கும்போது நீதிபதி தேதியைப் பார்ப்பார். ஒரு வருடம் தெரிந்தும் சும்மா இருந்தவருக்கு இப்போது என்ன அவசரம் என்ற கேள்வி வரும். அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால், முதலில் சமரச மையத்துக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும் என்பதும் சட்டம்.

பெரும்பாலான விஷயங்கள் வக்கீல் நோட்டீஸில் முடிகின்றன. நல்ல நோட்டீஸில் திட்டு இருக்காது. இரண்டு பாக்கெட்டின் படங்கள், எந்தெந்த அம்சம் ஒத்திருக்கிறது, நீங்கள் எப்போதிலிருந்து விற்கிறீர்கள், அவர் எதை எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பவை இருக்கும். பதிவாகாத டிரேட்மார்க்கைப் பதிவானது என்று அதில் எழுதிவிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவில்லாமல் போடுவதும் சட்டவிரோதம், அபராதம் உண்டு. ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிராளியே உங்கள்மேல் வழக்குப் போட வழி இருக்கிறது.

போலீஸ் வழியையும் சொல்லிவிடுகிறேன். டிரேட்மார்க் சட்டப்படி சரக்கைக் கைப்பற்ற டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அதற்கு முன் அவர் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். உங்கள் பெயரையே அச்சடித்து விற்கும் அசல் டூப்ளிகேட்டுக்கு அது பயன்படலாம். தோற்றத்தை மட்டும் ஒற்றியெடுத்த கவருக்குப் பொருந்துவது சிவில் கோர்ட்தான். அங்கே தடையாணை கிடைத்தால் வக்கீல் கமிஷனர் எதிராளியின் குடோனுக்குப் போய்ச் சரக்கையும் கவர் ரோல்களையும் கணக்கெடுக்க முடியும். நஷ்டஈட்டை நம்பி இறங்காதீர்கள். சிறு வியாபாரத்தில் நஷ்டத்தை ரூபாய்க் கணக்கில் நிரூபிப்பது கடினம், செலவும் வருடங்களும் ஆகும். அந்தக் கவர் சந்தையிலிருந்து போவதே நியாயமான இலக்கு.

பதிவு செய்திருந்தால் என்ன லாபம்? டிரேட்மார்க் சட்டத்தில் பாக்கெட்டின் தோற்றமும் நிறச்சேர்க்கையும்கூட அடங்கும். பெயரைத் தனியாகவும், முழு லேபிளை அதன் நிறங்களோடு தனியாகவும் பதிவது நல்லது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். பதிவு 10 வருடம் நிற்கும், புதுப்பிக்கலாம். பதிவிருந்தால் நீங்கள் தொழில் நடத்தும் ஊர்க் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் பதிவெண் இருந்தால் புகாருக்குச் சீக்கிரம் மதிப்புக் கிடைக்கும். பாட்டிலோ டப்பாவோ புதுவடிவில் செய்திருந்தால் டிசைன் பதிவு உண்டு, 10 வருடம், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் அந்த வடிவம் சந்தைக்கு வரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்கத் தொடங்கிய பிறகு அது புதியது அல்ல, பதிவும் நிற்காது. இதில் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்.

லேபிள் ஓவியத்துக்கு காப்புரிமையும் உண்டு. அது யாருடையது என்பதில்தான் சிக்கல். உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒரு டிசைனர் வரைந்து பணம் வாங்கிக்கொண்டார் என்பதாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எதிராளியின் வக்கீல் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

நோட்டீஸுக்குப் பிறகு எதிராளி பேச வந்தால் பேசுங்கள். அவர் கையில் அச்சடித்த கவர் ரோல்கள் இருக்கும். அதைக் குப்பையில் போடச் சொன்னால் வழக்கே வரட்டும் என்று நின்றுவிடுவார். கடையில் இருக்கும் சரக்கு விற்றுத்தீர இரண்டு மாதம் கொடுத்து, மீதி ரோல்களைப் பொடிக்குப் பயன்படுத்துவதில்லை என்று எழுதி வாங்கலாம். புதிய கவரின் மாதிரியை ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கருநீலம் வேண்டாம், கோல ஓரம் வேண்டாம் என்று எதை விடுகிறார் என்பது அதில் வரிவரியாக இருக்கட்டும். ‘இனி காப்பி அடிக்க மாட்டேன்’ என்ற ஒற்றை வரி போதாது. ஆறு மாதத்தில் கரும்பச்சைக் கவரும் வெள்ளைக் கோலமும் வந்தால், அது காப்பியா இல்லையா என்று முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.