ஜெயிக்கும் ஆட்டத்தை ஜெயித்து முடிப்பது

சதுரங்கத்தில் ஒரு குதிரை கூடுதலாகக் கையில் இருந்தும் ஆட்டத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய பேர். காய் போனவருக்கு இனி இழக்க ஒன்றுமில்லை என்பதால் அவர் தந்திரத்தைத் தேடுகிறார். காய் வைத்திருப்பவரோ பார்ப்பவர்கள் அசந்துபோகும் ஒரு செக்மேட்டைத் தேடுகிறார். இந்த இரண்டாவது தேடல்தான் ஆபத்தானது.

பலகையில் ஒரு நிலையை அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா g1, ராணி c2, யானை d1, குதிரை f3, சிப்பாய்கள் a3, b2, f2, g2, h2. கறுப்பு ராஜா g8, ராணி e6, யானை e8, சிப்பாய்கள் a7, b7, f7, g7, h7. ஆட வேண்டியது வெள்ளை. ஒரு குதிரை முழுதாகக் கூடுதல்.

கண்ணை இழுக்கும் நகர்வு ஒன்று இருக்கிறது. குதிரையை g5-க்குத் தாவவிட்டால் அது கறுப்பு ராணியைத் தாக்கும். கூடவே ராணியும் குதிரையும் சேர்ந்து h7-ஐக் குறிவைக்கும். ஒரே நகர்வில் இரண்டு மிரட்டல். ஆனால் கறுப்பு ராணி e1-க்கு வந்து செக் சொல்லும். யானையால் அதை வெட்டியே ஆக வேண்டும். உடனே கறுப்பு யானை e1-இல் வெட்டினால் செக்மேட். ராஜா தப்பிக்க வழியில்லை, முன்னால் நிற்பவை அவருடைய சிப்பாய்களே. f3-இல் இருந்த குதிரைதான் e1-ஐக் காத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் கதவு திறந்துவிட்டது.

சரியான நகர்வு சாதாரணமானது: h2 சிப்பாயை h3-க்குத் தள்ளுவது. ராஜாவுக்கு h2-இல் ஒரு மூச்சு வாசல் கிடைக்கிறது. கறுப்பும் h6 ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெள்ளை யானை e1-க்கு வந்து ராணியைத் தாக்குகிறது. ராணி தன் யானையையும் காக்க வேண்டியிருப்பதால் d7-க்குப் போகிறது. வெள்ளை யானை e8-இல் வெட்ட, ராணி திருப்பி வெட்டுகிறது. யானைகள் இரண்டும் போயின. அடுத்து ராணியை c3-க்குக் கொண்டுவந்து, அங்கிருந்து e5-இல் வைக்கலாம். e5-ஐ f3 குதிரை காப்பதால், அங்கே ராணிகளை வெட்டிக்கொள்ளக் கறுப்பைத் தைரியமாக அழைக்கலாம். மறுத்தால் நடுப்பலகை வெள்ளை ராணியின் கையில்.

இதனால் என்ன லாபம்? ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கு 3 என்ற வழக்கமான கணக்கைப் போடுங்கள். தொடக்கத்தில் சிப்பாய்களை விட்டுவிட்டால் வெள்ளைக்கு 17, கறுப்புக்கு 14. ராணியும் யானையும் போனபின் 3-க்கு 0. வித்தியாசம் அதே மூன்றுதான், ஆனால் எதிர்த்து ஆடக் கறுப்புக்குச் சிப்பாய்களும் ராஜாவும் மட்டுமே மிச்சம். திடீர் செக்மேட் கொடுக்க அதனிடம் காயே இல்லை.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிவிடக் கூடாது. காய்களை வெட்டிக்கொள்ளுங்கள், சிப்பாய்களைக் காப்பாற்றுங்கள். ராஜாவும் ஒற்றைக் குதிரையும் மட்டும் மிஞ்சினால் செக்மேட் செய்யவே முடியாது, ஆட்டம் டிரா. கடைசி வரிசையில் ராணியாக மாற ஒரு சிப்பாயாவது வேண்டும். மந்திரிகளிலும் கவனம் தேவை. உங்கள் மந்திரி வெள்ளைக் கட்டத்திலும் அவருடையது கறுப்புக் கட்டத்திலும் ஓடினால், இரண்டு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா ஆவது உண்டு. அந்த நிலையில் மற்ற காய்களை அவசரப்பட்டு வெட்டினால் தோற்பவருக்கே உதவி.

வெட்டலின் வலிமையை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகம் பார்த்தது. உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தில் சென்னையின் குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். டிராவை நோக்கித்தான் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் லிரென் யானையை f2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டார். அடுத்து மந்திரியை d5-இல் வைத்தார். மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்கு அந்த வெட்டலிலிருந்து தப்ப வழியில்லை. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான். 58-வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். காய்கள் இருந்தவரை போதாமலிருந்த அதே ஒரு சிப்பாய், அவை போனதும் பட்டம் வென்றது.

ஆகவே முன்னணியில் இருக்கும்போது ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் முதலில் கேட்க வேண்டியது, எதிராளிக்கு என்ன செக், என்ன வெட்டு இருக்கிறது என்பது. வெட்டிக்கொள்வதாக இருந்தால், எல்லாம் வெட்டி முடிந்தபின் பலகையில் மிஞ்சும் நிலையை மனதில் அடுக்கி, அதை எப்படி ஜெயிப்பேன் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல முடிந்தால் வெட்டுங்கள். சொல்ல முடியாவிட்டால் காயை அங்கேயே விட்டுவிட்டு, உங்கள் ராஜாவைப் பாதுகாக்கும் ஒரு நகர்வை ஆடுங்கள். செக்மேட் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்து, எதிராளியின் ஒவ்வொரு பதிலுக்கும் உங்களிடம் விடை இருந்தால், அப்போது அதைத் தாராளமாக ஆடலாம்.