சிமெண்டு மூட்டை ஒன்று எத்தனை லிட்டர்?



தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழம் காயப்போட சிமெண்டுக் களம் போடுவது வழக்கம். களம் பொந்து விழுந்தால் அதில் ஈரமும் அழுக்கும் தங்கி, காப்பிக் கொட்டையில் பூசணம் பிடிக்கும். ஆகவே கலவை சரியாக இருக்க வேண்டும்.

கொத்தனாரைக் கேட்டால் "ஒண்ணுக்கு ரெண்டு, நாலு போடலாங்க" என்பார். அதாவது சிமெண்டு 1 பங்கு, மணல் 2 பங்கு, ஜல்லி 4 பங்கு. இந்தப் பங்கு எல்லாம் கொள்ளளவு, எடை அல்ல. ஆனால் சிமெண்டு நம் கைக்கு எடையில்தான் வருகிறது. மூட்டை 50 கிலோ. இதை லிட்டராக மாற்றினால்தான் மணலையும் ஜல்லியையும் அளக்க முடியும்.

மூட்டையில் உள்ளபடி சிமெண்டு லிட்டருக்கு 1.44 கிலோ என்று கணக்கு. 50-ஐ 1.44-ஆல் வகுத்தால் 35 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 35 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள பலகைப் பெட்டி சரியாக 35 லிட்டர் பிடிக்கும். அதை அடித்து வைத்துக்கொண்டால் போதும்: ஒரு மூட்டைக்கு மணல் 2 பெட்டி, ஜல்லி 4 பெட்டி, தலை தட்டி. குவித்து அள்ளும் சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அதை நம்ப வேண்டாம்.

சிமெண்டை மட்டும் இந்தப் பெட்டியில் அளக்காதீர்கள். கொட்டும்போது காற்றுப் புகுந்து அது உப்பிக்கொள்ளும். பெட்டி நிறைந்தாலும் 50 கிலோ இருக்காது. மூட்டையை முழுசாகப் போடுங்கள். பாதிக் கலவைதான் வேண்டும் என்றால் தராசில் 25 கிலோ நிறுத்துப் போடுங்கள்.

அடுத்ததுதான் நம் மலையில் பலரும் கவனிக்காத விஷயம். சமவெளியில் இருந்து ஏற்றி வந்த மணலோ எம்-சாண்டோ, இங்கே மூடுபனியிலும் சாரலிலும் கிடந்து ஈரமாகிவிடும். ஈர மணல் உப்பும். ஒவ்வொரு மணியையும் நீர்ப்படலம் சுற்றிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளி நிறுத்துவதால், அதே மணல் கால் பங்குக்கு மேல்கூட அதிக இடம் பிடிக்கலாம். ஜல்லி அப்படி உப்பாது.

எவ்வளவு உப்பியிருக்கிறது என்று களத்திலேயே பார்க்கலாம். நேர்ப் பக்கம் உள்ள ஒரு டப்பாவில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குப் போட்டு மட்டம் செய்யுங்கள். பிறகு மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டுக் கிளறிவிடுங்கள். தண்ணீரில் முழுக நனைந்தால் உப்பல் அடங்கிவிடும். மணல் 16 செ.மீ.க்கு இறங்கியது என்றால், 20-ஐ 16-ஆல் வகுக்க 1.25. இரண்டு பெட்டிக்குப் பதில் இரண்டரைப் பெட்டி மணல் போட வேண்டும்.

இதைச் செய்யாமல் இரண்டு பெட்டியே போட்டால், உள்ளபடி விழுவது சுமார் 1.6 பெட்டி மணல்தான். ஜல்லியின் இடுக்கை நிரப்பச் சாந்து போதாது. கரண்டியால் தேய்க்கும்போது ஜல்லி முரடாக மேலே தள்ளி நிற்கும். காய்ந்தபின் ஓரத்தில் பொந்து பொந்தாகத் தெரியும். மூட்டைக்குக் கிடைக்கும் கலவையும் குறையும்.

தண்ணீர் மூட்டைக்கு 32 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணலின் ஈரமும் இதில் சேர்த்தி. இரண்டு பெட்டி மணல் காய்ந்த நிலையில் சுமார் 112 கிலோ. நூற்றுக்கு 5 ஈரம் என்றால் ஐந்தரை லிட்டர் தண்ணீர் மணலிலேயே இருக்கிறது. ஆகவே 26 லிட்டரோடு நிறுத்துங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்தில் களம் என்றால் 2,400 லிட்டர் கலவை வேண்டும். மூட்டைக்கு ஏறக்குறைய 160 லிட்டர் கிடைக்கும், 15 மூட்டை. சிந்துவது சிதறுவது சேர்த்து 16 வாங்குங்கள். அதற்கு ஜல்லி 64 பெட்டி. மணல் காய்ந்திருந்தால் 32 பெட்டி. மேலே சொன்ன ஈர மணல் என்றால் 40 பெட்டி. மழை பெய்து மணல் மாறினால் டப்பாச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இந்த 1:2:4 கலவை கம்பி இல்லாத களத்துக்குத்தான். கம்பி கட்டும் கூரைத் தளம், தூண் இவற்றுக்கு இது போதாது. அங்கே பொறியாளர் சொல்லும் கலவையையே போடுங்கள்.