பக்கத்து நாற்காலியில் முதல் வாரங்கள்

அலுவலகத்தில் பாஸ்வேர்டு மறந்துபோனாலும், பிரிண்டர் நின்றுபோனாலும், புதிதாகச் சேர்ந்தவருக்கு லேப்டாப் வேண்டுமென்றாலும் ஊழியர்கள் முதலில் நாடுவது சர்வீஸ் டெஸ்க்கைத்தான். சொல்லும் குறை ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகி, கியூவில் போய் நிற்கும். சென்னை ஓ.எம்.ஆர். சாலை அலுவலகங்களிலும் கோவையிலும் ஏராளமான இளைஞர்களுக்கு முதல் வேலை இந்தக் கியூவில்தான் தொடங்குகிறது. சேர்ந்தவுடன் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவதில்லை. சில நாள்களோ சில வாரங்களோ ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஷேடோயிங் என்பது இதைத்தான்.

எல்லா வேலைக்கும் படிப்படியான குறிப்பு எழுதி வைத்திருக்கும்போது எதற்காக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றலாம். அடிக்கடி வரும் ஒரு டிக்கெட்டையே எடுத்துப் பார்ப்போம்.

“என் அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது.” கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் அனுப்பியது. தவறான பாஸ்வேர்டை ஐந்து முறையோ பத்து முறையோ, நிறுவனம் வைத்திருக்கும் வரம்பைத் தொட்டவுடன் கணினி அமைப்பு அந்தக் கணக்கைப் பூட்டிவிடும். குறிப்பில் இருப்பது எளிய வழி: ஆளை உறுதிசெய், பூட்டைத் திற, டிக்கெட்டை மூடு. திறப்பதற்கு ஒரே வரிதான்:

```
Unlock-ADAccount -Identity username
```

புதியவர் தனியாக இருந்தால் இதைச் செய்துவிட்டு நிம்மதியாக அடுத்ததற்குப் போவார். அரை மணி நேரத்தில் அதே டிக்கெட் ரீஓப்பன் ஆகித் திரும்பி வரும்.

சீனியர் அந்த வரியைத் தட்டுவதற்கு முன்பே அந்த ஊழியரின் பழைய டிக்கெட்டுகளைத் திறக்கிறார். நேற்று இரண்டு முறை, இன்று காலை ஒரு முறை, எல்லாம் இதே குறை. மூன்று முறையும் மூன்று பேர் பூட்டைத் திறந்துவிட்டு மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர், “அக்கா, அவர் பாஸ்வேர்டைத் தப்பாவே அடிச்சிட்டு இருக்காரோ?” என்கிறார். “நேரத்தைப் பாரு. ஒரு தடவை மதியம் ஒன்றேகாலுக்கு லாக் ஆகியிருக்கு. அப்ப அவர் சாப்பிடப் போயிருப்பார். அவர் அடிக்கல, வேற ஏதோ மெஷின் அடிக்குது” என்கிறார் சீனியர்.

கணக்கு ஒவ்வொரு முறை பூட்டப்படும்போதும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில் 4740 என்ற எண்ணுடன் ஒரு பதிவு விழும். அதில் Caller Computer Name என்ற வரி, தவறான பாஸ்வேர்டு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று காட்டும். அங்கே இருந்தது அவருடைய லேப்டாப்பின் பெயர் இல்லை. அவர் முன்பு வேலை பார்த்த கிளையின் டெஸ்க்டாப். போன் போட்டுக் கேட்டால் விஷயம் தெரிகிறது. இடம் மாறும்போது அந்த மெஷினிலிருந்து சைன்-அவுட் செய்யாமல் வந்துவிட்டார். திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றினார். அங்கே திறந்தே கிடந்த செஷன், நெட்வொர்க் டிரைவைத் தொடப் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த செஷனை முடித்துவிட்டுப் பூட்டைத் திறந்தால் டிக்கெட் திரும்பி வருவதில்லை. சில சமயம் அந்த வரியில் மெயில் சர்வரின் பெயர் இருக்கும். அப்படியென்றால், பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் செல்போனைத் தேட வேண்டும்.

4740 என்ற எண்ணைக் குறிப்பில் எழுதி வைத்துவிடலாம். ஆனால் எப்போது குறிப்பை நிறுத்திவிட்டுப் பழைய டிக்கெட்டுகளைத் திறக்க வேண்டும், பூட்டிய நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. சீனியருக்கே அது பழகிப்போன ஒன்று. கேட்டால்கூடச் சொல்ல வராது. அதனால்தான் ஷேடோயிங்கில் சீனியர் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று நல்ல டீம்களில் வற்புறுத்துகிறார்கள். வாய் மூடி வேகமாக மவுஸை நகர்த்தும் ஒருவரின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மிஞ்சுவது தூக்கம்தான்.

கியூவை வாசிப்பதும் இப்படிப் பார்த்துத்தான் வரும். புதியவரின் கண் மேலே இருக்கும் டிக்கெட்டில் விழும். சீனியர் எதையும் எடுக்காமல் முதலில் முழுப் பட்டியலையும் ஓட்டிப் பார்ப்பார். மூன்றாம் மாடியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று நான்கு பேர் எழுதியிருந்தால், அது நான்கு குறை இல்லை, ஒரே குறை. நான்கையும் ஒன்றோடு இணைத்து நெட்வொர்க் டீமுக்கு உடனே சொல்ல வேண்டும். தனித்தனியாக எடுத்தால் நான்கு பேர் நான்கு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மறுக்கத் தெரிவதைப் பார்த்துக் கற்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. அவசரக் குரலில் ஒருவர் போன் செய்து, ஏர்போர்ட்டில் இருக்கிறேன், பாஸ்வேர்டை உடனே ரீசெட் செய்யுங்கள் என்கிறார். பெயர், பதவி, ஊழியர் எண் எல்லாம் சரியாகச் சொல்கிறார். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், ஹெல்ப் டெஸ்க்குக்கு ஊழியரைப் போலப் போன் செய்துதான் வழி பிடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தத் தாக்குதலின் பாதிப்பு சுமார் 10 கோடி டாலர் என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது. சீனியர் கோபப்படாமல், “சார், உங்க பதிவில இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடறேன்” என்று சொல்லி போனை வைக்கிறார். உயர் அதிகாரி எரிந்து விழுந்தாலும் குரல் உயராமல் அதையே இரண்டாம் முறை சொல்வது எப்படி என்பதை, 21 வயதில் முதல் வேலைக்கு வந்தவர் காதால் கேட்டாக வேண்டும்.

பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. சீனியரின் குறுக்குவழிகளும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். ‘பயனரின் பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்ற நிலையில் டிக்கெட்டை வைத்தால் பல அமைப்புகளில் எஸ்.எல்.ஏ. கடிகாரம் நின்றுவிடும். பதில் எதுவும் தேவைப்படாதபோதும் கெடுவைத் தப்பிக்க அந்த நிலைக்குத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவரை மட்டுமே பார்த்துப் பழகிய புதியவர் அதுதான் முறை என்று எண்ணிக்கொள்வார். இரண்டு மூன்று பேருடன் மாறி மாறி உட்காரவைப்பது இதற்காகத்தான். பழக்கட்டும் என்று சீனியர் தன் லாகினையே கொடுப்பது இன்னொரு தவறு. யார் எதை மாற்றினார்கள் என்ற தணிக்கைப் பதிவு அங்கேயே பொய்யாகிவிடும். பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனி லாகின் புதியவருக்கு முதல் நாளே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மயக்கம், பார்த்ததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டிக்கெட்டைத் திறந்ததும் சீனியர் கையை எடுத்துவிட்டு, “இப்ப நீ இருந்தா என்ன பண்ணுவ?” என்று கேட்க வேண்டும். “அன்லாக் பண்ணுவேன்” என்று பதில் வந்தால் இன்னும் சில நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. “இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்திருக்குன்னு பார்ப்பேன்” என்று வந்தால் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த கட்டம் ரிவர்ஸ் ஷேடோ. கீபோர்டு புதியவர் கையில், சீனியர் பக்கத்தில். அவர் தடுமாறும்போது உடனே கையை நீட்டாமல் இருப்பது சீனியருக்குக் கஷ்டமான பயிற்சி. ஆனால் மற்றவர்கள் வேலையைப் பாதிக்கும் மாற்றமென்றால் என்டர் தட்டும் முன் நிறுத்திவிட வேண்டும்.

தனியாக விடும்போதும் முழுக் கியூவும் திறப்பதில்லை. லாக், பிரிண்டர், சாஃப்ட்வேர் நிறுவுதல் என்று ஒன்றிரண்டு வகை மட்டும். நிர்வாகிகளின் கணக்குகளும், ஒரு மாடியையே பாதிக்கும் கோளாறுகளும் பிறகுதான். அவர் மூடும் டிக்கெட்டுகளைச் சீனியர் அன்று மாலையே வாசித்துப் பார்ப்பார். ரீஓப்பன் ஆனது வேறு யாருக்கும் போகாமல் அவருக்கே திரும்பும். முதல் முறை எதைப் பார்க்காமல் விட்டோம் என்று அப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தேடுவார்கள்.